ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள்: ஈரத்தலையும் ஹேர் டிரையரும்

ஐப்பசி பிறந்துவிட்டால் என் பார்லருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே குறையோடுதான் வருவார்கள். காலையில் தலைக்குக் குளித்தேன், சாயங்காலம் பின்னலை அவிழ்த்தால் உள்ளே இன்னும் ஈரம், ஒரு வாடை வேறு. டிரையர் போடுங்கள் என்றால் உடனே, "ஐயோ, அது முடியைக் கருக்கிடும்" என்கிறார்கள். காற்றில் காயவிடுவதுதான் முடிக்கு நல்லது, டிரையர் கெடுதல் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். மதுரையில் பதினான்கு வருடமாகத் தலைமுடியோடு பழகுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: சித்திரை வெயிலில் அந்த எண்ணம் சரி. அடைமழைக் காலத்தில், இடுப்பு வரை அடர்த்தியான முடி வைத்திருப்பவர்களுக்கு அது அப்படியே பொருந்தாது.

இந்தக் கட்டுரை டிரையரை இதுவரை தொடாதவர்களுக்கு, அல்லது வாங்கி ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துப் பயந்து பெட்டியில் வைத்துவிட்டவர்களுக்கு. முடியை நேராக்குவது, சுருட்டுவது, அலங்காரம் எதுவும் இதில் இல்லை. முடி அறுந்து போகாமல் உலர வைப்பது மட்டும்தான்.

ஈரத்தில் முடிக்கு என்ன நடக்கிறது

தண்ணீரில் நனைந்த முடி ஊறுகிறது. முழுக்க நனைந்தால் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உள்ளுக்கே இழுத்து வைத்துக்கொள்ளும். இது மேலே சொட்டுகிற தண்ணீர் கணக்கல்ல. அதனால் ஒவ்வொரு இழையும் பருக்கிறது. காய்ந்ததும் பழையபடி சுருங்குகிறது. முடியின் மேல்தோல் ஓட்டு வீட்டுக் கூரையில் நாட்டு ஓடு அடுக்கியது போல, வேரிலிருந்து நுனியைப் பார்த்துச் செதில் செதிலாக அடுக்கியிருக்கும். உள்ளே ஊதும்போது அந்தச் செதில்களும், செதில்களை ஒட்டிவைத்திருக்கிற பசை போன்ற படலமும் சேர்ந்து இழுபடுகின்றன.

இன்னொன்று, முடிக்குள் புரத இழைகளைக் கட்டி வைத்திருக்கும் பிணைப்புகளில் ஒரு வகை தண்ணீர் பட்டதும் விட்டுவிடும், காய்ந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈர முடி ரப்பர் மாதிரி நீளுவதும், இழுத்தால் சுலபமாக அறுவதும் இதனால்தான். ஈரத்தலையை வாராதே என்று பாட்டிமார் சொன்னதற்கு இதுதான் அடிப்படை. ஆனால் அதே ஈரத்தலையை இறுக்கி முடிந்து, ரப்பர் பேண்ட் போட்டு, மேலே நாலு முழம் மல்லிகையும் வைத்து நாள் முழுக்க விட்டால், வாருவதற்குக் குறையாத கெடுதல் அது. பலவீனமாக இருக்கும் நேரத்தில் முடி பல மணி நேரம் இழுபட்டுக்கொண்டே கிடக்கிறது.

2011-ல் வந்த ஒரு கொரிய ஆய்வு

இதைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ ஒரே ஆய்வைத்தான் சொல்கிறார்கள். அதன் விவரம் தெரிந்தால் அடுத்து வரும் படிகள் எல்லாம் ஏன் என்று புரியும். தென்கொரியாவில் தோல் மருத்துவத் துறையைச் சேர்ந்த ஒரு குழு செய்து 2011-ல் வெளியிட்டது. முடிக் கற்றைகளை எடுத்து, ஷாம்பு போட்டு அலசி, வெவ்வேறு விதமாகக் காய வைத்தார்கள். ஒரு கற்றையை 20 டிகிரி அறையில் தானாகக் காயவிட்டார்கள். மற்றவற்றை டிரையரால்: 15 சென்டிமீட்டர் தள்ளி 60 வினாடி, 10 சென்டிமீட்டரில் 30 வினாடி, 5 சென்டிமீட்டரில் 15 வினாடி. அந்தத் தூரங்களில் வெப்பம் முறையே 47, 61, 95 டிகிரி செல்சியஸ். இப்படி 30 தடவை அலசிக் காய வைத்த பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள்.

வெப்பம் கூடக் கூட முடியின் மேற்பரப்பில் சேதம் கூடியது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, தானாகக் காய்ந்த கற்றையில் கிடைத்தது. செதில்களை ஒட்டி வைக்கிற அந்தப் படலம் அந்தக் கற்றையில் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தது. டிரையர் போட்ட எதிலும் அப்படி இல்லை. நெடுநேரம் ஈரத்தில் ஊறிக் கிடந்ததுதான் காரணமாக இருக்கும் என்று அவர்கள் கருதினார்கள். செதில்களுக்கு உள்ளே இருக்கிற முடியின் தண்டுப் பகுதி எந்தக் கற்றையிலும் சேதப்படவில்லை. முடிவாக அவர்கள் சொன்னது: 15 சென்டிமீட்டர் தள்ளி, கையை அசைத்துக்கொண்டே காய வைத்தால் தானாகக் காயவிடுவதைவிடச் சேதம் குறைவு.

இதை எடுத்துக்கொண்டு "டிரையர்தான் முடிக்கு நல்லது" என்று போர்டு வைப்பது தப்பு. அவர்கள் முடியை இழுத்து எவ்வளவு பாரத்தில் அறுகிறது என்று அளக்கவில்லை. மேற்பரப்பு, உள்பரப்பு, ஈரப்பதம், நிறம் இவற்றைத்தான் பார்த்தார்கள். வெட்டியெடுத்த கற்றை வேறு, தலையில் இருக்கிற முடி வேறு. அந்த அறை 20 டிகிரி; மதுரையில் மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் குளிர் வந்தால் பெரிய விஷயம். ஆகவே நான் எடுத்துக்கொள்வது இரண்டே செய்தி. ஒன்று, நெடுநேர ஈரமும் முடிக்கு ஒரு செலவுதான். இரண்டு, டிரையர் கெடுக்கிறதா இல்லையா என்பதைத் தூரம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

உங்களுக்கு டிரையர் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

ஒரு விடுமுறை நாளில் தலைக்குக் குளித்து, துண்டால் ஒற்றி, ஃபேனுக்குக் கீழே விரித்துப் போட்டு உட்காருங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பிடரி வரை காய்ந்துவிட்டால் டிரையரே வேண்டாம். பங்குனியிலிருந்து ஆடி வரை மதுரையில் பலருக்கு அப்படித்தான் காயும், காற்று அவ்வளவு வறண்டிருக்கும். கழுத்து வரை வெட்டிய முடி என்றால் மழைக்காலத்திலும் வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் தாண்டியும் பிடரி ஈரமாக இருக்கிறதென்றால், அல்லது காய்வதற்கு முன்பே பின்னிக்கொண்டு ஓட வேண்டிய வாழ்க்கை உங்களுடையது என்றால், மேலே படியுங்கள். இந்த ஒரு மணி, இரண்டு மணி என்பது என் அனுபவக் கணக்கு, ஆய்வகக் கணக்கு இல்லை.

மொட்டைமாடி வெயிலில் காய வைக்கலாமே என்பார்கள். காலை இளம்வெயிலில் பத்து நிமிடம் சரி. உச்சிவெயிலில் விரித்துப் போட்டு உட்கார்வது வேண்டாம். புற ஊதாக் கதிர் முடியின் கருமையையும் புரதத்தையும் சிதைக்கும். நுனி செம்பட்டை அடிப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

டிரையரையும் பிளக்கையும் பற்றிக் கொஞ்சம்

வீட்டுக்கு 1000 முதல் 1200 வாட் டிரையர் தாராளம். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: சூடு குறைந்தது இரண்டு நிலையாவது இருக்க வேண்டும், சூட்டையும் காற்று வேகத்தையும் தனித்தனியாக மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது, கூல் பட்டன் இருக்க வேண்டும். பட்டனில் பனித்துளி நட்சத்திரம் மாதிரி ஒரு படம் இருக்கும். 2000 வாட் டிரையரை வாங்கி வந்து படுக்கையறையில் இருக்கும் சின்ன பிளக் பாயிண்டில் செருகாதீர்கள். அந்தப் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு. 2000 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பாயிண்ட் சூடாகிக் கருகும். அதற்கு கீசர், ஏசி போடுகிற 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். 1200 வாட் என்றால் 5 ஆம்பியர் சொச்சம்தான். குளியலறைக்குள் எந்த டிரையரும் வேண்டாம், கை ஈரமாக இருக்கும்போதும் தொட வேண்டாம்.

முன்னால் மாட்டுகிற தட்டை மூக்கைக் கழற்றி வையுங்கள். அது காற்றை ஒரே இடத்தில் குவிக்கும். பார்லரில் பிரஷ்ஷோடு வேலை செய்யத்தான் அது.

தூரத்தைக் கையால் அளக்கலாம்

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் சின்ன ஸ்கேல் சரியாக 15 சென்டிமீட்டர். ஆனால் தலைக்குப் பின்னால் ஸ்கேல் பிடிக்க முடியுமா? அதனால் நான் ஒரு சாண் என்று சொல்லிக் கொடுக்கிறேன். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்தால் வருகிற நீளம். பெண்களின் கைக்கு அது 18, 20 சென்டிமீட்டர் இருக்கும். 15-ஐவிடக் கொஞ்சம் கூடுதல்தான். நம் ஊருக்கு அந்தக் கூடுதல் தேவைப்படுகிறது, ஏனென்றால் டிரையர் காற்றைப் புதிதாக உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கிற காற்றைப் பின்பக்கமாக இழுத்து, அதன்மேல் சூட்டை ஏற்றி முன்னால் தள்ளுகிறது. கொரிய அறையின் 20 டிகிரிக் காற்று 47 ஆனதென்றால், நம் வீட்டின் 30 டிகிரிக் காற்று அதே டிரையரில் அதைவிடச் சூடாகத்தானே வரும்? வைகாசியில் அறையே 36 டிகிரி இருக்கும்போது சொல்லவே வேண்டாம்.

எல்லா டிரையரும் ஒரே சூடும் இல்லை. அதனால் புது டிரையரை எடுத்ததும் தலைக்குக் கொண்டுபோகாதீர்கள். மணிக்கட்டின் உட்பக்கத்தை ஒரு சாண் தள்ளி நீட்டி, மிதமான சூட்டில் அசையாமல் பிடியுங்கள். பத்து எண்ணும் வரை "இதமாக இருக்கிறது, ஆனால் சூடுதான்" என்று இருந்தால் அந்தத் தூரம் சரி. நாலு, ஐந்து எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் இன்னும் நாலு விரல் தள்ளிப் பிடித்து மறுபடி எண்ணுங்கள். அதற்குப் பிறகும் சுட்டால் குறைந்த சூட்டுக்கு மாற்றுங்கள். உங்கள் டிரையருக்கான தூரம் எது என்று ஒரு முறை தெரிந்துகொண்டால் போதும், கை பழகிவிடும்.

ஒரு மழைக்கால விடியற்காலை

என் அக்கா மகள் மேலூர்ப் பக்கம் இருந்து மதுரைக் கல்லூரிக்கு வருகிறாள். போன வருடம் ஐப்பசி, கார்த்திகையில் ஆறு வாரம் என் வீட்டில் தங்கியிருந்தாள். இடுப்பைத் தாண்டிய முடி, நல்ல அடர்த்தி. "சித்தி, பின்னல் நடுவுல நடுவுல பிசிறு பிசிறா நிக்குது, முடி கொட்டுது" என்றாள். நான் சீப்பில் வந்த முடியை வெள்ளைத் துணியில் பரப்பச் சொன்னேன். தானாக உதிர்கிற முடி முழு நீளமாக இருக்கும், ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கும். அறுந்த முடி துண்டாக இருக்கும், இரண்டு முனையிலும் குமிழ் இருக்காது. அவளுக்கு வந்ததில் பாதிக்கு மேல் துண்டுகள், ரப்பர் பேண்ட் போடுகிற இடத்துக்குச் சரியான நீளத்தில். ஆக, வேர் நன்றாகத்தான் இருந்தது. ஐந்தே முக்காலுக்குக் குளித்துவிட்டு, ஈரத்தோடு பின்னி, ரப்பர் போட்டு, ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடுவதுதான் அவளுடைய வழக்கம். பின்னல் அவிழ்வது சாயங்காலம் ஆறு மணிக்கு.

அவளுக்குச் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதல் நாள் இரவே நுனிப் பாதிக்குத் தேங்காய் எண்ணெய் தடவினோம், ஒரு தேக்கரண்டி அளவு. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கும், தண்ணீர் ஊறுவதையும் அலசும்போது புரதம் கரைந்து போவதையும் குறைக்கும். 2003-ல் வந்த ஒரு ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் இல்லாத இந்தக் குணம் தேங்காய் எண்ணெய்க்கு இருந்தது. அந்த ஆய்வைச் செய்தவர்கள் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எண்ணெய் குளிப்பதற்கு முன்னால்தான். டிரையர் போடப் போகிற ஈரத்தலையில் எண்ணெயைத் தேய்க்காதீர்கள். வேண்டுமென்றால் எல்லாம் காய்ந்து ஆறிய பிறகு நுனிக்கு மட்டும் இரண்டு சொட்டு.

குளித்ததும் துண்டு. இங்கேதான் பாதி வேலை முடிகிறது, இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். கதர்க் கடையில் கிடைக்கிற ஈரிழைத் துண்டு, அல்லது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணி. முடியைக் கையால் மேலிருந்து கீழாகப் பிழிந்துவிட்டு, துண்டுக்குள் வைத்து அமுக்கிப் பிடிக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தலையைக் குனிந்து முடியைத் துண்டால் அடித்துத் தட்டுகிற பழக்கம் நம்மிடம் உண்டு, அதுவும் வேண்டாம். முதல் துண்டைப் பத்து நிமிடம் சுற்றி வைத்தாள். பிறகு காய்ந்த இரண்டாவது துண்டால் பிடரியையும் காதுக்குப் பின்னாலும் ஒற்றினாள். ஒரு ஆர்வத்தில் சமையலறைத் தராசில் துண்டுகளை எடை போட்டுப் பார்த்தோம். காய்ந்தபோது இரண்டும் சேர்த்து 310 கிராம், ஒற்றிய பிறகு 445. அதாவது 135 கிராம் தண்ணீரைச் சூடே இல்லாமல் எடுத்தாயிற்று. அவ்வளவையும் டிரையர் ஆவியாக்க வேண்டும் என்றால் எத்தனை நிமிடம் கூடுதலாக ஓடியிருக்கும்!

அப்புறம் இருபது நிமிடம் ஃபேன். அவள் அந்த நேரத்தில் காபி குடித்து, டிபன் பாக்ஸ் கட்டி, புத்தகம் எடுத்து வைத்துவிடுவாள். முடி முதுகில் விரிந்து கிடக்கும், முதுகு நனையாமல் ஒரு துண்டு போட்டிருப்பாள். விரலால் மட்டும் கோதிச் சிக்கைப் பிரித்துவிட வேண்டும், நுனியில் ஆரம்பித்து மேலே போக வேண்டும். கோதும்போது நீர் சொட்டவில்லை, ஆனால் தொட்டால் ஈரம், இந்த நிலை வந்த பிறகுதான் டிரையர். சொட்டச் சொட்ட இருக்கும் முடியில் உச்சச் சூட்டை வைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். முடிக்குள் இருக்கிற தண்ணீர் அங்கேயே ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் உள்ளே குமிழ் விடும். அந்த இடத்தில் முடி உள்ளீடற்ற குழல் மாதிரி ஆகி ஒடிந்துவிடும். இதை நுண்ணோக்கியில் பார்த்து 'குமிழ் முடி' என்ற பெயரிலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது டிரையர். முடியை முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று நாலாகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்கி வைக்கிறோம். பிடரியில் தொடங்குகிறோம், அதுதான் கடைசி வரை ஈரம் பிடித்துக்கொண்டிருக்கும் இடம். மிதமான சூடு, காற்று வேகம் கூடுதல், தூரம் ஒரு சாண். காற்று வேரிலிருந்து நுனியைப் பார்த்து அடிக்க வேண்டும், ஓட்டுக்கூரை மேல் மழைத்தண்ணீர் வழிகிற திசையில். கீழிருந்து மேலே அடித்தால் ஓட்டைக் கிளப்பிவிடுகிற மாதிரி, முடி பறபறவென்று நிற்கும். கை ஒரு இடத்தில் நிற்கவே கூடாது. சாமிக்கு ஆரத்தி காட்டுகிற மாதிரி அசைந்துகொண்டே இருக்க வேண்டும். மற்றக் கையால் முடியைத் தூக்கித் தூக்கிப் போட்டு உள்ளே காற்று போக விடுகிறோம்.

முதலில் நாலு பகுதிக்கும் வேர்ப்பக்கம் மட்டும். அவளுக்கு இது ஆறு நிமிடம் ஆனது. பிறகு நடுநீளம், இன்னொரு ஆறு நிமிடம். நுனிக்கு என்று தனியாகக் காட்டவே இல்லை, மேலிருந்து வருகிற காற்றே அதற்குப் போதும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அவள் முடி 75 சென்டிமீட்டர் இருக்கும். அப்படியானால் நுனி, அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வேரில் முளைத்தது. ஆறு வருட வெயில், சீப்பு, போர் தண்ணீர் உப்பு எல்லாம் பட்ட இடத்துக்கும் போன மாதம் முளைத்த இடத்துக்கும் ஒரே சூடு கொடுக்க முடியாது.

சூட்டை எப்போது குறைப்பது

இதுதான் புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பிடிபடாத இடம். மண்பானைத் தண்ணீர் வெயில் காலத்திலும் சில்லென்று இருப்பது ஏன்? வெளியே கசிகிற நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஈரமுடியிலும் அதே கதை. மேலே ஈரம் இருக்கும்வரை மிதமான சூட்டுக் காற்று பட்டாலும் முடி பெரிதாகச் சூடேறாது, வருகிற சூடு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. ஈரம் தீர்ந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு வினாடிச் சூடும் முடியில்தான் ஏறும். ஆகவே முடியை டிரையர் கெடுப்பது பெரும்பாலும் கடைசி மூன்று நாலு நிமிடத்தில், "இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்று காய்ந்த முடிக்கே காட்டிக்கொண்டிருக்கும்போது.

எப்படித் தெரியும்? கற்றையைக் கையில் எடுங்கள். ஈரமாக இருக்கும் வரை விரலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறு மாதிரி தொங்கும். ஐந்தில் நாலு பங்கு காய்ந்ததும் இழைகள் பிரிந்து பறக்க ஆரம்பிக்கும், தொட்டால் வெதுவெதுப்பு தெரியும். அந்த வெதுவெதுப்பு வந்த கணமே சூட்டை நிறுத்தி கூல் பட்டனுக்குப் போய்விட வேண்டும்.

கூல் காற்று என்ன செய்கிறது, என்ன செய்யாது

குளிர்ந்த காற்று அடித்தால் முடியின் துவாரம் மூடிக்கொள்ளும் என்று பல பார்லர்களில் சொல்கிறார்கள். நானும் ஆரம்ப காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். செதில்கள் கதவு மாதிரி திறந்து மூடுவதில்லை. கூல் காற்று செய்கிற வேலை வேறு. முன்னே சொன்னேனே, தண்ணீர் பட்டு விட்டுப்போன பிணைப்புகள் காயும்போது திரும்பப் பிடிக்கும் என்று. முடி சூடாக இருக்கும்வரை அவை இளக்கமாக இருக்கும், ஆறும்போதுதான் இறுகும். சூடாக இருக்கும் முடியை இழுத்துப் பின்னினால் அந்த இளக்கத்திலேயே இழுபடும். ஆறவைத்துவிட்டுப் பின்னினால் முடி தன் பலத்துக்குத் திரும்பிய பிறகு பின்னுகிறோம். படிந்தபடி நிற்பதும், பளபளப்பாகத் தெரிவதும் இதனால் கூடக் கிடைக்கிற லாபம்.

இரண்டாவது பயன் எனக்கு முதலாவதைவிடப் பெரிதாகப் படுகிறது. சூடான முடி காய்ந்த முடி மாதிரியே ஏமாற்றும். ஆறவைத்தால்தான் உண்மை தெரியும். இரண்டு நிமிடம் கூல் காற்று அடித்துவிட்டு, பிடரி முடியைக் கொத்தாக எடுத்துக் கழுத்துத் தோலில் ஒட்டி வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். அந்த இடத்துக்கு மட்டும் ஒரு நிமிடம் மிதச் சூடு கொடுத்து மறுபடி ஆறவிடுங்கள். கையால் தொட்டுப் பார்ப்பதைவிடக் கழுத்துத் தோல் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

முழுக்க முழுக்கக் கூல் காற்றிலேயே காய வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வெயில் காலத்தில் தாராளமாகச் செய்யலாம், ஃபேன் செய்கிற வேலைதான் அது. மழை நாளில் அது நடக்காது. அறைக் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது, அதையே வேகமாக அடித்தால் எவ்வளவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும்? அதே காற்றைக் கொஞ்சம் சூடாக்கினால்தான் ஈரம் வாங்க அதில் இடம் உண்டாகிறது. மழைக்காலத்தில் சூடு தேவைப்படுவது இதற்காகத்தான், முடியைச் சுடுவதற்காக இல்லை. கூல் பட்டன் இல்லாத டிரையர் வைத்திருப்பவர்கள் சூட்டை அணைத்துவிட்டு டேபிள் ஃபேனுக்கு முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அதே பலன் கிடைக்கும்.

அக்கா மகளுக்குக் கூல் காற்று மூன்று நிமிடம். மொத்தம் டிரையர் ஓடியது பதினைந்து நிமிடம், அதில் சூடு பன்னிரண்டு. பிறகுதான் அகலப்பல் சீப்பு, பின்னல், ரப்பருக்குப் பதிலாகத் துணி சுற்றிய பேண்ட். ஆறு வாரத்தில் முடி வளர்ந்துவிடவில்லை, அறுந்த முடி ஒட்டிக்கொள்ளவும் இல்லை, அறுந்தது அறுந்ததுதான். ஆனால் வெள்ளைத் துணியில் பரப்புகிறபோது குமிழ் இல்லாத துண்டுகள் குறைந்துகொண்டே வந்தன. ஆறாவது வாரம் வந்தவற்றில் பெரும்பாலானவை முழு நீள முடிகள். துண்டு, டிரையர், ரப்பர் மூன்றையும் ஒன்றாக மாற்றியதால் எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

தப்பு நடப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், முகூர்த்த நேரம் நெருங்குகிற பதற்றத்தில் ஒரு மணப்பெண்ணின் தலையை நாலு விரல் தூரத்தில், தட்டை மூக்கை மாட்டி, உச்சச் சூட்டில் காய வைத்தேன். அன்று அழகாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்து மறுவீடு முடிந்து வந்தபோது, முன்நெற்றிக் கற்றையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், பொடுகு மாதிரி. தட்டினால் விழவில்லை. ஒரு புள்ளியை விரல்களுக்கு நடுவில் பிடித்து லேசாக வளைத்தேன், அங்கேயே ஒடிந்தது. அந்தச் சத்தம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அந்தப் பகுதியை வெட்டிச் சரிசெய்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

உங்கள் முடியிலும் இப்படி முடியோடு ஒட்டிய வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், டிரையரை நிறுத்திவிட்டுத் தூரத்தையும் சூட்டையும் மறுபடி மணிக்கட்டில் சோதியுங்கள். போடும்போது கருகிய வாடை வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். தூரம் போதவில்லை, அல்லது டிரையரின் பின்பக்க வலையில் பஞ்சும் முடியும் அடைத்திருக்கிறது. வலை அடைத்தால் உள்ளே போகிற காற்று குறையும், குறைந்த காற்றின் மேல் அதே சூடு ஏறி அனலாக வரும். நடுவில் தானாக நின்று நின்று ஓடும் டிரையருக்கும் பெரும்பாலும் இதுதான் நோய். தலை எரிந்தால், அது முடிக்கும் சேர்த்து அதிகம் என்று பொருள்.

கலரிங், ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த முடிக்கு மேல்தோல் ஏற்கனவே பலவீனம். அவர்கள் குறைந்த சூட்டில், ஒன்றரைச் சாண் தூரத்தில் கூடுதல் நேரம் எடுத்துக் காய வைக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு டிரையர் வேண்டாம், துண்டும் ஃபேனும் போதும். தலையில் புண்ணோ அரிப்போ இருந்தால் முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாம்பிராணி போட்டு முடியை உலர்த்துகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. வாசனைக்காகக் கடைசியில் ஒரு நிமிடம் காட்டுவதில் தப்பில்லை. ஆனால் தணலுக்கு மேலேயும் அதே ஒரு சாண் கணக்குப் போதாது, தணலின் சூடு டிரையரைவிட எவ்வளவோ கூடுதல். கூடையைக் கவிழ்த்து அதன் மேல் முடியை விரித்தது அந்தத் தூரத்துக்காகத்தான்.

வாரத்துக்கு எத்தனை நாள் போடலாம் என்ற கேள்விக்கு, தலைக்குக் குளிக்கிற நாளில் மட்டும் என்பதே என் பதில். அக்கா மகளுக்கு அது செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாட்களில் தலையை நனைக்காமல் உடம்புக்குக் குளித்துவிட்டுப் போவாள். மாசி பிறந்ததும் ஃபேனிலேயே நாற்பது நிமிடத்தில் காய்ந்துவிட்டது என்று ஊரிலிருந்து போன் செய்தாள். வலையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பஞ்சை எடுத்துவிட்டு, வயரை மடக்கி ஒடிக்காமல் தளர்வாகச் சுற்றி அலமாரியில் வை, ஐப்பசிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.